ஐந்து வெள்ளித் தண்ணீருக்குப் பதினேழு வெள்ளி

கூலாய் வட்டாரத்தில் குளிரூட்டும் அமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு நடக்கும் நேர்முகத் தேர்வு, நான் தொழிலில் இருந்த காலத்துக்குள்ளேயே வேறொன்றாகிவிட்டது. செனாயிலும் கூலாயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்த நாளில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தெரிந்துகொள்ள விரும்பியவை சில தகவல்கள்தான். எத்தனை டன் சில்லர் வரை பார்த்திருக்கிறீர்கள், எந்த நிறுவனத்து இயந்திரம் பழக்கம், கட்டட ஒப்புதலுக்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரியுமா. பதில் சரியாக வந்தால் சம்பளப் பேச்சு தொடங்கிவிடும். இன்று அதே வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் தரவு மையங்களாகிக்கொண்டிருக்கின்றன. கூலாய் யங் தோட்டத்தின் ஏறத்தாழ 1,640 ஏக்கரை வாங்க ஒய்டிஎல் குழுமம் 2021-ன் இறுதியில் ஒப்பந்தம் போட்டது. அங்கே 500 மெகாவாட் இலக்கோடு ஒரு தரவு மையப் பூங்கா வளர்கிறது. வடக்கே செடெனாக்கில் ஜொகூர் கார்ப்பரேஷனின் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆளெடுப்பவர்கள் நீங்கள் முன்பு செய்த ஒரு திட்டத்தை எடுத்து, அதில் ஒரே ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் சொன்னால், அது ஏன் என்கிறார்கள். பேட்டி நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் குளிரூட்டும் அமைப்பு தவறிப்போனால் ஒரு சில்லரைக் கூடுதலாக வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். தரவு மையத்தில் அந்த முடிவு கூரையின் பாரத்தையும், குழாயின் விட்டத்தையும், மின்மாற்றியின் அளவையும், ஜெனரேட்டர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அதை மாற்ற வழியில்லை. ஆகவே ஆளெடுப்பவருக்குத் தேவைப்படுவது, ஒன்றைப் பெற எதைக் கொடுத்தோம் என்று தெரிந்தே கொடுத்தவர். ஆனால் வேலை தேடி வருபவர்களில் பெரும்பாலோர் ‘ஏன்’ என்ற சொல்லைக் கேட்டதும் தம் முடிவின் மீது சந்தேகம் கிளம்பிவிட்டதாக நினைக்கிறார்கள். உடனே அந்த முடிவால் கிடைத்த நன்மைகளை அடுக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் முறை கேட்டால் இன்னும் இரண்டு நன்மைகள் சேரும். மூன்றாம் முறை குரல் உயரும். இத்தனைக்கும் கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்பியது விலையை. அந்த விலையை யார் கொடுத்தார்கள், எந்த நெருக்கடி அதைக் கொடுக்க வைத்தது, நிலைமை எவ்வளவு மாறினால் முடிவும் மாறியிருக்கும் என்பவற்றை வந்தவர் தாமாகவே சொல்லிவிட்டால் கேள்விகள் தானாக வேறு பக்கம் போய்விடும். இதை வெறும் பேச்சாகச் சொன்னால் விளங்காது. இந்த வட்டாரத்துப் பேட்டிகளில் அடிக்கடி வரும் ஒரு முடிவையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தரவு மையக் கூடத்தில் உருவாகும் வெப்பத்தை வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், சில்லர் அந்த வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றிக் கூலிங் டவருக்கு அனுப்பும். அங்கே தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகும். மற்றொன்றில், கூரையில் நிற்கும் சில்லர் பெரிய விசிறிகளைக் கொண்டு நேராகக் காற்றில் வெப்பத்தைத் தள்ளும். இதற்குத் தண்ணீர் செலவில்லை. முதலாவதைத் தண்ணீர் வழி என்றும் இரண்டாவதைக் காற்று வழி என்றும் சொல்வோம். கூலாயின் வெயிலில் மத்தியான வெப்பம் 33 டிகிரியைத் தொடும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அதே நேரத்தில் 26 டிகிரியைத்தான் காட்டும். தண்ணீர் வழி அந்த 26-ஐ நோக்கி வெப்பத்தைத் தள்ளுகிறது, காற்று வழியோ 33-ஐ நோக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. மேட்டில் ஏற்றும் உயரம் கூடக் கூட கம்ப்ரஸர் தின்னும் மின்சாரமும் கூடும். இப்போது ஒருவர் பேட்டிக்கு வருகிறார், தம் பழைய திட்டத்தில் காற்று வழியைத் தேர்ந்ததாகச் சொல்கிறார். ஏன் என்று கேட்கிறார்கள்.

ஒரு மெகாவாட் சுமையை வைத்துக் கணக்கிடலாம், அதுவே கையாள எளிது. ஒரு மெகாவாட் வெப்பம் என்பது 284 டன் குளிர். குளிர்நீரைக் கூடத்துக்கு 20 டிகிரியில் அனுப்புவதாகக் கொண்டால், தண்ணீர் வழியில் டவர் விசிறி, பம்ப் எல்லாம் சேர்த்து டன்னுக்கு அரை கிலோவாட்டை ஒட்டி ஆகும். காற்று வழியில் முக்கால் கிலோவாட்டை ஒட்டியோ சற்று மேலேயோ போகும். வித்தியாசம் ஒரு மெகாவாட்டுக்கு 80 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 1,900 யூனிட்டுக்குச் சற்று மேல். இனி மறுபக்கம். கம்ப்ரஸரின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே தள்ள மணிக்கு ஒன்றரை கன மீட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஆவியாகும்போது உப்பும் சுண்ணாம்பும் பின்தங்கிக் கெட்டியாகும் என்பதால் கொஞ்சத் தண்ணீரைத் தொடர்ந்து வடித்து வெளியேற்றியாக வேண்டும். இரண்டையும் கூட்டினால் நாளொன்றுக்கு 50 கன மீட்டரை நெருங்கும். ஆக, காற்று வழியைத் தேர்ந்தவர் 50 கன மீட்டர் தண்ணீரை மிச்சம்பிடிக்க 1,900 யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவழிக்கிறார். கன மீட்டருக்கு 38 யூனிட். யூனிட் 45 காசு என்று வைத்தால் பதினேழு வெள்ளி. தரவு மையங்களுக்கென்று 2025 ஆகஸ்டில் வந்த தனிக் கட்டண வகையிலேயே ஒரு கன மீட்டர் தண்ணீரின் விலை ஐந்து வெள்ளிக்குச் சற்று மேல்தான். அதற்கு முன்பு இன்னும் குறைவு.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் வருபவர்கள் முதல் ‘ஏன்’-க்கு வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதில்களும் இங்கேயே உடைந்துவிடுகின்றன. ‘செலவு குறைவு’ என்பது ஒன்று. ஐந்து வெள்ளிப் பொருளை மிச்சப்படுத்தப் பதினேழு வெள்ளி கொடுத்தவர் அப்படிச் சொன்னால் கேட்பவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். டவருக்குப் போடும் மருந்து, அதைக் கழுவ ஆள், லீஜியனெல்லாக் கிருமிச் சோதனை எல்லாவற்றையும் தண்ணீர்ப் பக்கத்துச் செலவில் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. மற்றது ‘சுற்றுச்சூழலுக்கு நல்லது’. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. அந்த 1,900 யூனிட் நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயுவைச் சேர்க்கிறது. தண்ணீருக்கு நல்லது, காற்றுக்குக் கெட்டது என்று சொல்லியிருந்தால் அது உண்மை. பொதுவாக நல்லது என்றால் அடுத்த கேள்விக்குத் தாங்காது. இன்னொரு தந்திரமும் உண்டு, தெரிந்தோ தெரியாமலோ பலர் செய்வது: காற்று வழியை 20 டிகிரிக் குளிர்நீரிலும் தண்ணீர் வழியைப் பழைய தொழிற்சாலை வழக்கப்படி 7 டிகிரியிலும் வைத்து ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டிவிடுவார்கள். குளிர்நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தினாலே சில்லரின் மின்சாரம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறையும் என்பதால் அந்தப் பதின்மூன்று டிகிரி மொத்த வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். கேட்பவர் தொழில் தெரிந்தவரானால், இரண்டுக்கும் குளிர்நீர் எத்தனை டிகிரி என்ற ஒரு கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும்.

அப்படியானால் காற்று வழியைத் தேர்ந்தது தவறா? எண்கள் அப்படித்தான் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் இந்த முடிவு நிற்கும் இடம் விலையில் இல்லை. தெற்கு ஜொகூரில் தண்ணீருக்கு விலை குறைவு, உத்தரவாதமும் குறைவு. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம், அந்த உரிமை 2061 வரை இருக்கிறது. அதே ஆற்றைத்தான் தெற்கு ஜொகூரின் பெரும்பகுதியும் நம்பியிருக்கிறது. ஆற்றுக்குத் துணையாக இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு லாயாங் அணையின் நீர்மட்டம் விழுந்ததால் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் பக்கத்து வீடுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள், அது மாதக்கணக்கில் நீண்டது. தண்ணீர் வழியில் கட்டிய பத்து மெகாவாட் கூடம் ஒரு நாளைக்கு 500 கன மீட்டர் கேட்கும். ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் டேங்க் தாங்கும். வாரக்கணக்கில் முறைவைத்து விட்டால் லாரிதான் வர வேண்டும், அப்போது ஊருக்கே லாரி போதாது. ஆகவே நேரான பதில் இப்படி இருக்கும்: ‘காற்று வழி விலை அதிகம். பத்து மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு இருபது லட்சம் வெள்ளிக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். ஒரு வறட்சி மாதத்தில் கூடத்தை மூடாமல் இருப்பதற்காக அதைக் கொடுத்தோம்.’ விலையை முதலில் சொல்லி, வாங்கியதைப் பிறகு சொல்லும் இந்த வரிசையை நான் வற்புறுத்துவேன். வரிசை மாறினால் விலையைக் கேட்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். தோண்டி எடுத்தது எதுவும் மறைத்துவைத்தது போலவே தெரியும்.

அடுத்த ‘ஏன்’கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. டேங்கைப் பெரிதாக்கியிருக்கலாமே? இரண்டு வாரத் தண்ணீருக்குப் பத்து மெகாவாட் கூடம் 7,000 கன மீட்டர் சேமிக்க வேண்டும். நான்கு மீட்டர் உயரத்தில் கட்டினாலும் 1,750 சதுர மீட்டர் நிலம். அந்த மனையில் அது அடுத்த கூடத்துக்கென ஒதுக்கிய இடமாக இருக்கும். தேங்கிய தண்ணீரில் குளோரின் தீர்ந்துபோகும் என்பது வேறு. சுத்திகரித்த கழிவுநீரை வாங்கியிருக்கலாமே? நல்ல யோசனைதான், பல இடங்களில் அதுவே தீர்வாகப்போகிறது. ஆனால் வரைபடம் முடிவான தேதியில் அந்தக் குழாய் மனை வரைக்கும் வந்திருந்ததா என்பதே கேள்வி. வரவில்லை என்றால் ‘வரவில்லை’ என்ற ஒரு சொல் போதும். ஈரப் பலகை வைத்துக் காற்றைச் சற்றுக் குளிர்வித்துச் சில்லருக்கு விட்டிருக்கலாமே? இது கூர்மையான கேள்வி. 33 டிகிரிக் காற்று 26 டிகிரி ஈர வெப்பத்தில் ஈரப் பலகையைக் கடந்தால் 28 வரை இறங்கும். மத்தியானத்தில் ஐந்து டிகிரி லாபம். இரவில் காற்றே ஈரம் நிறைந்திருப்பதால் லாபம் இல்லை. ஆனால் ஜெனரேட்டரின் அளவை நிர்ணயிப்பது அந்த மத்தியான உச்சம்தான். ஆகவே ஆண்டு முழுவதுக்குமான மின்கட்டணத்தைப் பார்த்தால் ஈரப் பலகை அவ்வளவாக உதவாது, ஜெனரேட்டர் எண்ணிக்கையைப் பார்த்தால் உதவும். இதை யோசித்து விலக்கியவர் எதனால் விலக்கினார் என்று சொல்வார். யோசிக்கவே இல்லை என்றால் அப்படியே சொல்லிவிடலாம். அந்த இடத்தில் அவசரமாகப் புதுக்காரணம் கட்டுவதுதான் ஆபத்து.

எத்தனை ‘ஏன்’ வரைக்கும் இறங்க வேண்டும் என்பது பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. என் அளவுகோல் எளிது. வடிவமைப்பவரின் கையில் இல்லாத ஒன்றைப் பதில் தொடும்போது சங்கிலி அங்கே முடிகிறது. அணையில் மழை பெய்யாததற்கும், மனையின் எல்லைக்கும், தெனாகா நேஷனல் அந்தத் துணைமின் நிலையத்தில் ஒதுக்கிய மின்னளவுக்கும் பொறியாளரிடம் ‘ஏன்’ கேட்டுப் பயனில்லை. மின்னளவைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒதுக்கீடு நிலையானதாக இருந்தால் காற்று வழி தின்னும் ஒவ்வொரு கிலோவாட்டும் வாடிக்கையாளருக்கு விற்றிருக்கக்கூடிய கிலோவாட். அப்போது உண்மையான விலை மின்கட்டணச் சீட்டில் தெரியாது, விற்க முடியாமல் போன இடத்தில் தெரியும். பத்து மெகாவாட் கூடத்தில் உச்ச வெயிலில் ஒரு மெகாவாட்டுக்கு மேல் அப்படிப் போகலாம். தண்ணீர் நிச்சயமாக வரும், மின்சாரம்தான் நெருக்கடி என்ற மனையில் இதே பொறியாளர் இதே கணக்கைப் போட்டுத் தண்ணீர் வழியைத் தேர்ந்திருக்க வேண்டும். அதைக் கேட்பவர் இழுப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் விலை கன மீட்டருக்குப் பதினேழு வெள்ளியைத் தாண்டினால் பணக் கணக்கும் காற்று வழிப் பக்கம் வரும். இரண்டு தனித்தனி ஆற்று மூலங்களிலிருந்து தண்ணீர் வரும் என்று எழுத்தில் கிடைத்தால் முடிவே திரும்பும். இப்படி இரண்டு எல்லைகளைக் காட்டுபவரிடம் பிறகு வாதாட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

தேதியும் முக்கியம், இதில் வழுக்குபவர்கள் நிறையப் பேர். ஜொகூர் மாநில அரசு 2024-ல் தரவு மையத் திட்டங்களை ஆராய ஒரு குழு அமைத்ததும், வந்த விண்ணப்பங்களில் கணிசமானவற்றை அது திருப்பியனுப்பியதும், 2025-ல் தனிக் கட்டணம் வந்ததும் இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தண்ணீரை அள்ளிக் குடிக்கும் மையங்களுக்கு மாநிலத்தில் வரவேற்பு குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே 2021-ல் வரைந்த ஒரு கூடத்துக்குக் காற்று வழியைத் தேர்ந்தவர் இன்றைய பேட்டியில் இந்தச் செய்திகளையே காரணமாகச் சொல்லிவிடுகிறார். வரைபடம் எந்த ஆண்டு என்று கேட்பவர் மெல்லக் கேட்பார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த கட்டணம் எப்படி அன்றைய காரணமாகும்? முடிவு சரியாகவே இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு வேறொருவர் கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். 2021-ல் கையில் இருந்தவை 2015-ன் லாயாங் அனுபவமும் 2016-ன் லிங்கியூ அளவும். அவையே போதுமானவை. பிறகு வந்தவற்றை ‘இன்று இதைச் செய்தால் இன்னும் இதுவும் சேரும்’ என்று தனியாகச் சொல்லலாம். அன்று தெரிந்ததையும் இன்று தெரிந்ததையும் பிரித்துவைக்கத் தெரிந்தவர் அடுத்த திட்டத்திலும் பிரித்துவைப்பார் என்று கேட்பவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

இப்படி எல்லா விலையையும் நாமே எடுத்துச் சொன்னால் நம் குறைகளை நாமே விற்பதாகாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளியே காத்திருக்கும் இன்னொருவர் ‘எல்லாம் சிறப்பாக அமைந்தது’ என்று சொல்லி வேலையை வாங்கிக்கொண்டு போய்விடமாட்டாரா? சில இடங்களில் போவார், மறுக்க முடியாது. ஆனால் கூரையில் ஏறிப் பார்த்தவர் கேட்கும் இடத்தில் அது செல்லாது. காற்று வழிச் சில்லர்களை நெருக்கி வரிசையாக நிறுத்தினால் ஒன்று மேலே விடும் சூடான காற்றைப் பக்கத்தில் இருப்பது உள்ளிழுத்துக்கொள்ளும். ஊர் வெப்பம் 33 என்றாலும் நடு வரிசையில் நிற்கும் இயந்திரத்தின் வாயில் வெப்பமானியைப் பிடித்தால் 37, 38 காட்டும். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் நடு வரிசையில் மட்டும் அழுத்தம் ஏறி இயந்திரம் தானாக நின்றுபோவதும், ஓரத்தில் இருப்பவை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுவதும் இதன் அடையாளம். தயாரிப்பாளரின் அட்டவணை தனியாக நிற்கும் ஓர் இயந்திரத்துக்கு எழுதியது, கூரை நிறைய நிற்கும் முப்பதுக்கு எழுதியதில்லை. காற்று வழியைத் தேர்ந்து, கட்டி, ஓட்டிப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்கும். ‘எல்லாம் சிறப்பாக அமைந்தது’ என்பவர் ஒன்று கூரைக்குப் போகவில்லை, அல்லது போனதைச் சொல்லவில்லை. கேட்பவர் இரண்டில் எதையும் விரும்பமாட்டார். எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், ஏன் அவ்வளவு, அளந்து பார்த்தபோது கணக்கும் அளவும் எவ்வளவு விலகின என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருப்பவர் குறையைச் சொன்னாலும் வலுவாகத்தான் தெரிவார். கணக்கிட்டபோது இரண்டு டிகிரி, அளந்தபோது நான்கு என்றால் அதுவே அவர் அங்கே இருந்ததற்குச் சாட்சி.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. காற்றா தண்ணீரா என்பதைப் பெரும்பாலான திட்டங்களில் பொறியாளர் முடிவு செய்வதே இல்லை. வாடிக்கையாளரின் தலைமையகம் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து முடிவெடுத்து அனுப்பிவிடும். இங்கே இருப்பவர் அதை வரைவார். தான் எடுக்காத முடிவுக்கு ஒருவர் எப்படிப் பரிந்து பேசுவது? பரிந்து பேசக் கூடாது என்பதுதான் என் பதில். வேறொருவரின் முடிவைத் தன்னுடையதுபோல் தாங்கிப் பிடித்தால் மூன்றாவது ‘ஏன்’-ல் கால் தரையில் படாது. தலைமையகத்தில் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாதே. அந்த எல்லையை முதலிலேயே கோடு போட்டுக் காட்டிவிடலாம்: காற்று வழி என்பது அவர்கள் தந்தது, அவர்கள் சொன்ன காரணம் இது, அதற்குள் நான் தீர்மானித்தவை இயந்திரங்களின் இடைவெளி, குளிர்நீரின் வெப்பம், ஒரு இயந்திரம் பழுதானால் எத்தனை மிச்சம் நிற்க வேண்டும் என்பது. உட்காற்று 27 டிகிரி வரை போகலாம் என்று சர்வரைக் குளிர்விக்கும் வழிகாட்டிகள் சொன்ன பிறகும் குளிர்நீரை ஏன் 22-க்கு உயர்த்தாமல் 20-ல் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், அது அவருடைய கேள்வி. கூடத்தின் காற்றோட்டத்தில் சூடும் குளிரும் கலக்கும் இடங்கள் இருந்ததால் இரண்டு டிகிரியைக் கையிருப்பாக வைத்தேன், அந்தக் கையிருப்புக்கு மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கொடுத்தேன் என்பது நல்ல பதில். சிறிய முடிவு, ஆனால் முழுவதும் அவருடையது. பெரிய முடிவைக் கடன் வாங்குவதைவிட இது பல மடங்கு மேல். தலைமையகத்தின் முடிவோடு உடன்படவில்லை என்றால் அதையும் சொல்லலாம், எந்த எண்ணால் உடன்படவில்லை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணில்லாத கருத்து வேறுபாடு பழைய முதலாளியைப் பற்றிய புறம்பேச்சாகவே காதில் விழும்.

ரகசியம் என்ற காரணத்தையும் நிறையப் பேர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். தரவு மைய வேலையில் வாடிக்கையாளரின் பெயரைக்கூட வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அதை மீறவும் கூடாது. ஆனால் மேலே போட்ட கணக்கில் எந்த வாடிக்கையாளரும் இல்லை. ஒரு மெகாவாட்டுக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு மின்சாரம் என்ற விகிதங்கள் பாடப்புத்தகத்து இயற்பியலிலிருந்தும் அரசு வெளியிட்ட கட்டணத்திலிருந்தும் வருபவை. திட்டத்தின் மொத்த அளவைச் சொல்லாமலே முழு வாதத்தையும் விகிதத்தில் சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர் தங்கள் ரகசியத்தையும் காப்பார் என்று கேட்பவருக்கும் ஒரு நிம்மதி. ‘அதெல்லாம் சொல்ல முடியாது’ என்று மூன்று முறை சொன்னால், சொல்ல முடியாததால் சொல்லவில்லையா தெரியாததால் சொல்லவில்லையா என்று கேட்பவரால் பிரித்தறிய முடியாது, பிரித்தறிய அவர் முயலவும் மாட்டார்.

எல்லாப் பேட்டிகளிலும் ‘ஏன்’ நல்ல நோக்கத்தோடு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்பவருக்கே விஷயம் தெரியாமல், யாரோ சொல்லிக்கொடுத்தபடி ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் இடங்களும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. விஷயம் தெரிந்தவரின் அடுத்த கேள்வி உங்கள் பதிலில் இருந்த ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும். தெரியாதவரின் கேள்வி நீங்கள் என்ன சொன்னாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவது வகையிடம் எல்லைகளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது, அதற்கு மேல் இறங்குவது வீண். முதல் வகையைச் சந்திக்கப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் தங்கள் பழைய திட்டத்திலிருந்து ஒரே ஒரு முடிவை எடுத்து அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: எதை விட்டுக்கொடுத்தீர்கள், ஓர் அலகுக்கு அதன் விலை எவ்வளவு, முடிவெடுத்த ஆண்டில் கையில் இருந்த தகவல் எது, எந்த எண்ணைத் தாண்டினால் மறுபக்கம் போயிருப்பீர்கள். நான்கில் ஒன்று எழுத வரவில்லை என்றால் வேறு முடிவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போங்கள்.